எட்டாவது சுற்றில் வரும் என்று நம்பிய பிள்ளை

2025 ஏப்ரல் கடைசியில் ஒரு சாயங்காலம் என் மகன் எனக்கு நாலு முழம் மல்லிகைப்பூ வாங்கி வந்தான். மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி இரண்டு வாரம் ஆகியிருந்தது. அவன் அப்பா விசைப்படகில் பங்குக்குப் போகிறவர். ஜூன் 14 வரை படகு கரையில்தான் கிடக்கும். அந்த இரண்டு மாதமும் மண்டபத்தில் நண்டு கம்பெனியில் கணக்கு எழுதி நான் வாங்கும் சம்பளத்தில்தான் எங்கள் வீட்டு அடுப்பு எரியும். பதினாறு வயதுப் பையன் கையில் பூ வாங்கக் காசு ஏது என்று கேட்டேன். "கேம் ஐடியை வித்துட்டேன்மா. 2,500 ரூபாய். இனிமே அதை விளையாட மாட்டேன்" என்றான். எனக்கு உண்மையிலேயே மனசு நிறைந்துபோனது. இரண்டு வருஷமாக ராத்திரி பகலாக அவன் தலையைக் கவிழ்த்துக்கொண்டு கிடந்த விளையாட்டை அவனே விட்டுவிட்டான், அதிலும் காசு பார்த்துவிட்டான் என்று பக்கத்து வீட்டு அக்காவிடம்கூடச் சொல்லிப் பெருமைப்பட்டேன்.

அந்தப் பூ வந்த நாளைத்தான் இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. ஐந்து வாரம் கழித்து வங்கிப் பாஸ்புக்கைப் பதிந்து வாங்கியபோது கண்ணை இருட்டிக்கொண்டு வந்ததே, அதைக்கூட ஒருவழியாக ஏற்றுக்கொண்டுவிட்டேன். நான் சந்தோஷப்பட்ட அந்த நாள்தான் அவன் விளையாட்டுக் காசிலிருந்து நிஜக் காசுக்குத் தாண்டிய நாள் என்பதை ஏற்றுக்கொள்ளத்தான் வெகுநாள் ஆனது. பிள்ளை எத்தனை மணிநேரம் போன் பார்க்கிறான் என்று பாருங்கள் என்றுதான் எங்கே போனாலும் பெற்றோருக்குச் சொல்கிறார்கள். நான் மணிநேரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மாதம் அவன் போன் பார்த்த நேரம் குறைந்துதான் இருந்தது. பந்தயம் கட்ட அவ்வளவு நேரம் தேவைப்படாது.

டைமண்டும் சக்கரமும்

அவன் விளையாடியது நம் பிள்ளைகள் எல்லாரும் விளையாடும் சுட்டு வீழ்த்தும் கேம்தான். அதற்குள் செல்லும் காசுக்கு டைமண்ட் என்று பெயர். அப்போது 80 ரூபாய் கொடுத்தால் 100 டைமண்ட். பஸ் ஸ்டாண்டு பக்கம் மொபைல் கடையில் ஐடி நம்பரைச் சொன்னால் ஏற்றிவிடுவார்கள். பரீட்சையில் நல்ல மார்க் வாங்கினால் 80 ரூபாய், தங்கச்சியை டியூஷனில் விட்டுவந்தால் ஒரு 80 ரூபாய் என்று நானே கொடுத்திருக்கிறேன். டைமண்டை வைத்துக் கேமில் வரும் ஆளுக்கு உடுப்பு வாங்குவான், துப்பாக்கிக்குப் பூச்சு வாங்குவான் என்றுதான் நினைத்திருந்தேன். அவன் வாங்கியதில் பாதிக்கு விலையே கிடையாது, சக்கரத்தைச் சுற்றித்தான் எடுக்க வேண்டும் என்பது எல்லாம் முடிந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அந்தச் சக்கரத்தை அவனே எனக்கு வரைந்து காட்டினான். அதில் பத்துப் பொருள் இருக்கும். வேண்டாத இரண்டை முதலிலேயே எடுத்துவிடலாம். மீதி எட்டில் ஒன்றுதான் எல்லாருக்கும் வேண்டிய உடுப்பு. முதல் சுற்றுக்கு 9 டைமண்ட், இரண்டாவதற்கு 19. அப்புறம் 39, 69, 99, 149, 199, கடைசியாக 499. ஒருமுறை வந்த பொருள் மறுபடி வராது. ஆகவே எட்டாவது சுற்றுவரை போனால் அந்த உடுப்பு கட்டாயம் கிடைத்துவிடும். எட்டுக்கும் சேர்த்து 1,082 டைமண்ட், ஏறக்குறைய 865 ரூபாய். முதலிலேயே 865 ரூபாய் விலை போட்டிருந்தால் எந்தப் பிள்ளையும் கேட்டிருக்காது, நானும் கொடுத்திருக்க மாட்டேன். 9 டைமண்ட் என்றால் ஏழு ரூபாய்தானே. ஏழு ரூபாயில் இறங்கியவன் நடுவில் விட்டால் அதுவரை போட்டது வீண் என்று நினைக்கிறான். அதனால் ஏறிப் போகிறான்.

பெரிய படிப்புப் படித்தவர்கள் இதை லூட் பாக்ஸ் என்கிறார்கள். பெட்டியோ சக்கரமோ, காசைக் கொடுத்த பிறகுதான் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும். பெல்ஜியம் நாட்டில் 2018-லேயே இதைச் சூதாட்டம் என்று முடிவுசெய்து நிறுத்தச் சொன்னார்கள். கனடாவில் ஓர் ஆராய்ச்சி நடந்தது. அதுவரை சூதாடாத இளவயதுக்காரர்களைக் கவனித்ததில், இந்தப் பெட்டிகளுக்குச் செலவு செய்தவர்கள் ஆறு மாதத்தில் நிஜச் சூதாட்டத்தில் இறங்கியிருப்பது மற்றவர்களைவிட அதிகமாக இருந்தது. சக்கரம் சுற்றும் பிள்ளை எல்லாம் சூதாடியாகும் என்று இதற்கு அர்த்தமில்லை. என் மகனோடு சுற்றிய பிள்ளைகளில் பலர் அதோடு நின்றுவிட்டார்கள். ஆனால் அந்தச் சக்கரம் என் மகன் மனதில் இரண்டு பாடத்தைப் பதித்துவிட்டது. கிடைக்கவில்லை என்றால் அடுத்த தடவை இன்னும் கூடப் போட வேண்டும் என்பது ஒன்று. விடாமல் போட்டால் கடைசியில் வந்தே தீரும் என்பது மற்றொன்று. இந்த இரண்டாவது பாடம்தான் எங்கள் வீட்டுக் கணக்கைக் காலி செய்தது.

ரூபாயாக மாறிய நாள்

டைமண்டாக இருக்கும்வரை அது ஒருவழிப் பாதை. ரூபாய் உள்ளே போகும், வெளியே வராது. அதனால் பிள்ளைக்கு அது செலவு. ஐடியை விற்ற அன்றைக்குத்தான் அந்த வழி திரும்பியது. இரண்டு வருஷம் சேர்த்த உடுப்பும் பூச்சும் 2,500 ரூபாயாக அவன் அப்பா கணக்கில் வந்து விழுந்தது. வாங்கியவர் டெலிகிராமில் ஐடி வாங்கி விற்கும் ஒரு குரூப்பின் அட்மின். கணக்கை இப்படி விற்பது கேம் விதிகளுக்கே விரோதம். அதனால் இந்த வியாபாரம் எப்போதும் மறைவான இடத்தில்தான் நடக்கும், அந்த மறைவான இடத்தில்தான் மற்றதும் நடக்கும். அதே குரூப்பில் காலையும் மாலையும், எந்தக் கலர் விழும் என்று காசு கட்டும் கலர் ட்ரேடிங் ஆப்பின் லிங்க் ஓடிக்கொண்டிருந்தது. பணம் அனுப்பிய கையோடு அட்மின் இவனிடம், "தம்பி, 200 போட்டுப் பாரு. நான் சொல்ற கலரை மட்டும் கட்டு" என்று சொல்லியிருக்கிறார். 200 போட்டான். ஒரு மணிநேரத்தில் 540 ஆனது. வித்ட்ரா கொடுத்தான். பத்து நிமிடத்தில் அப்பா கணக்கில் வந்துவிட்டது. நான் தலையில் வைத்துக்கொண்ட பூ அந்தக் காசில் வாங்கியது.

தோற்றால் பிள்ளை பயந்து விலகிவிடுவான். அந்த முதல் வித்ட்ராதான் ஆளைப் பிடிக்கிறது. "ஏமாத்துற ஆப்பா இருந்தா காசு ஏன்மா வருது?" என்று பிற்பாடு என்னிடம் வாதாடினான். சின்னத் தொகையை உடனே கொடுப்பதே பெரிய தொகையைப் போட வைப்பதற்காகத்தான். எங்கள் நண்டுத் தொழிலில் முன்பணம் கொடுப்பது போலத்தான் அது. வியாபாரி சிரித்த முகத்தோடு முன்பணம் கொடுப்பார். அதை வாங்கியவர் அந்தக் கடன் தீரும்வரை அவரிடம்தான் நண்டைப் போட வேண்டும், அவர் வைத்ததுதான் விலை. ஆப் கொடுக்கும் போனஸும் அப்படியேதான். போனஸை வாங்கிவிட்டால் இத்தனை ஆயிரம் ரூபாய்க்குப் பந்தயம் கட்டி முடித்தால்தான் வித்ட்ரா திறக்கும். மே மாதம் இவன் கணக்கில் 1,900 ரூபாய் இருந்தபோது எடுக்க முடியாமல் போனதும் அதனால்தான். எடுப்பதற்காக இன்னும் போட்டான், போட்டது கரைந்தது.

எங்கள் பக்கத்தில் ஏராளமான வீடுகளில் யுபிஐ பிள்ளைகள் கையில்தான் இருக்கிறது. அப்பாவுக்கு எழுத்து அவ்வளவாக ஓடாது, கடலில் இருக்கும்போது போன் வீட்டில் கிடக்கும். ஆப்பை ஏற்றியது பிள்ளை, பின் நம்பர் வைத்ததும் பிள்ளை. ஐஸுக்கு, டீசலுக்கு, மளிகைக்கு என்று எல்லாவற்றையும் அனுப்புவது அவன். மெசேஜ் வந்தால் படித்துச் சொல்வதும் அவன்தான். வீட்டுக்கு அவன்தான் கேஷியர். அவன் கெட்டிக்காரன் என்று நாங்கள்தான் அந்த வேலையைக் கொடுத்தோம். ஆகவே இதைத் திருட்டு என்று சொல்லி அவனை அடித்த அன்றைக்கே, சாவியைக் கொடுத்தது யார் என்ற கேள்வியும் எனக்குள் இருந்தது.

ஆறு நிமிடம்

மே மாதக் கடைசியில் தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய் அவன் அப்பா கணக்கில் வந்தது. ஜூன் முதல் வாரம் வலைக்குக் கொஞ்சம் நூல் வாங்கலாம் என்று எடுக்கப் போனால் 612 ரூபாய்தான் இருந்தது. வங்கியில் பாஸ்புக்கைப் பதிந்துகொண்டு வந்து, கம்பெனி பேரேட்டைச் சரிபார்ப்பது போலப் பென்சிலோடு உட்கார்ந்தேன். வெளியே போனது 11,400. உள்ளே வந்தது 3,340. மொத்தத்தில் போனது 8,060 ரூபாய்.

அந்தப் பதிவுகளை எப்படி அடையாளம் கண்டேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் ஆப்பின் பெயர் பாஸ்புக்கில் எங்கேயும் இருக்காது. வீட்டுச் செலவு 347, 85, 1,130 என்று ஒழுங்கில்லாத தொகையாகப் போகும். இவை 200, 500, 1,000 என்று முழுத் தொகையாக இருந்தன. கேமுக்கு டைமண்ட் வாங்கினால் எப்போதும் ஒரே கடை, ஒரே பெயர். இங்கே மாறி மாறி வேறு வேறு ஆள் பெயர், எல்லாம் நமக்குத் தெரியாத வெளி மாநிலப் பெயர்கள். ஒரு பெயர் இரண்டு நாளுக்கு மேல் திரும்ப வரவில்லை. யார் யாரிடமிருந்தோ வாடகைக்கு எடுத்த வங்கிக் கணக்குகள் அவை. பிறகு போனில் பார்த்தபோது நேரமும் ராத்திரி பத்தரைக்கு மேல்தான். நடுநடுவே தெரியாத ஆளிடமிருந்து 300, 450 என்று சின்ன வரவு. நம் கணக்குக்கு யாரென்றே தெரியாதவர் பணம் அனுப்பியிருந்தால், வந்த பணம்தானே என்று விட்டுவிடாதீர்கள். செலவைவிட அந்த வரவைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும்.

பாஸ்புக்கில் தேதிதான் இருக்கும், நேரம் இருக்காது. போனில் யுபிஐ ஹிஸ்டரியைத் திறந்தால் நிமிடம்வரை இருக்கிறது. ஜூன் 3 ராத்திரி 11.37-க்கு 500. 11.42-க்கு 1,000. 11.43-க்கு 2,500. அதோடு அன்றைக்கு நின்றுவிட்டது. ஆறு நிமிடத்தில் 4,000 ரூபாய். அப்பா பக்கத்துத் திண்ணையில் படுத்திருந்தார். அந்த ஆறு நிமிடத்தில் என்ன நடந்தது என்று மட்டும் சொல் என்று கேட்டேன். அடித்தபோதெல்லாம் வாயைத் திறக்காதவன், கணக்காகக் கேட்டதும் சொல்ல ஆரம்பித்தான்.

ஆப்பில் 0 முதல் 9 வரை எண். நிமிடத்துக்கு ஒரு எண் விழும். 1, 3, 7, 9 விழுந்தால் பச்சை. 2, 4, 6, 8 என்றால் சிவப்பு. 5 பாதி பச்சை பாதி ஊதா, 0 பாதி சிவப்பு பாதி ஊதா. பச்சை என்று கட்டிப் பச்சை விழுந்தால் இரட்டிப்பு. அட்மின் சொல்லிக்கொடுத்த வித்தைக்கு 3எக்ஸ் என்று பெயர். முதலில் 10 ரூபாய் கட்டு. தோற்றால் 30. மறுபடி தோற்றால் 90. அப்புறம் 270, 810, 2,430. எந்த இடத்தில் ஜெயித்தாலும் அதுவரை விட்டதெல்லாம் லாபத்தோடு திரும்பிவிடும். அன்றைக்கு முதல் நாலு தடவை தவறி 400 ரூபாய் போனது. போட்ட 500-ல் மீதி 100. ஐந்தாவதற்கு 810 வேண்டும், ஆகவே 1,000 போட்டான். அதுவும் தவறியது. ஆறாவதற்கு 2,430 வேண்டும், 2,500 போட்டான். தவறியது. ஆறு பந்தயத்துக்கு 3,640. அவன் சொன்ன கணக்கும் ஹிஸ்டரியும் ஒரு ரூபாய்கூட மாறாமல் ஒத்துப்போனது.

"அஞ்சு தடவை சிவப்பு விழுந்த பிறகும் எந்த தைரியத்துல 2,500 போட்டே?" என்று கேட்டேன். அவன் என்னைப் புரியாமல் பார்த்தான். "அஞ்சு தடவை விழுந்ததாலதாம்மா போட்டேன். ஆறாவது பச்சை வந்தே ஆகணும்ல?"

"ஏன் வந்தே ஆகணும்?"

"சக்கரத்துல எட்டாவதுல வந்துரும்லம்மா. அது மாதிரிதான்."

அன்று வரைக்கும் பேராசை, கெட்ட சகவாசம், சரியான கண்டிப்பு இல்லை என்று என்னென்னவோ காரணம் தேடிக்கொண்டிருந்தேன். அந்த ஒரு பதிலில்தான் எனக்கு விளங்கியது. பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு விழவில்லை. ஓர் இடத்தில் உண்மையாகவே இருந்த விதியை, அது இல்லாத இன்னோர் இடத்துக்கு நம்பிக்கையோடு கொண்டுபோயிருக்கிறான்.

சிரட்டையில் பத்துச் சீட்டு

மறுநாள் இரண்டு தேங்காய்ச் சிரட்டையும் துண்டுக் காகிதமும் எடுத்துக்கொண்டு அவனை உட்கார வைத்தேன். ஒரு சிரட்டையில் எட்டுச் சீட்டு, ஒன்றில் மட்டும் உடுப்பு என்று எழுதியிருந்தது. எடுத்த சீட்டை வெளியே வைத்துவிட வேண்டும். இதுதான் சக்கரம். எட்டாவதற்குள் உடுப்பு வந்துதான் ஆக வேண்டும், ஏனென்றால் சிரட்டை காலியாகிக்கொண்டே வருகிறது. அடுத்த சிரட்டையில் 0 முதல் 9 வரை பத்துச் சீட்டு. எடுத்துப் பார்த்த பிறகு அந்தச் சீட்டைத் திரும்ப உள்ளே போட்டுக் குலுக்க வேண்டும். இதுதான் கலர். ஐந்து தடவை சிவப்பு வந்தாலும் ஆறாவது தடவை சிரட்டைக்குள் அதே பத்துச் சீட்டுதான் இருக்கிறது. முன்னால் என்ன வந்தது என்று சீட்டுக்குத் தெரியாது. இதைச் சொல்வதைவிட அவன் கையாலேயே குலுக்க வைத்தது நல்லதாகப் போயிற்று. இரண்டாவது சிரட்டையைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பேசாமல் இருந்தான்.

அப்புறம் 3எக்ஸ் வித்தையைத் தாளில் விளையாடினோம். நான் ஆப் கம்பெனி, அவன் 3,640 ரூபாயோடு இறங்குகிறான், எல்லாம் பென்சில் கணக்கு. முதல் அரைமணி நேரம் அவன்தான் ஜெயித்துக்கொண்டே வந்தான். 1,400 ரூபாய்க்கு மேல் லாபம். அந்த வித்தையின் குணமே அது. அடிக்கடி சின்னதாக ஜெயிக்கும், எப்போதோ ஒரு தடவைதான் தவறும், அந்த ஒரு தடவையில் எல்லாம் போய்விடும். எழுபதாவது சுற்றைத் தாண்டியதும் ஆறு தொடர்ச்சியாகத் தவறியது. கணக்குப்படி பார்த்தால் பாதிக்குப் பாதி வாய்ப்புள்ள பந்தயத்தில் இப்படி ஆறு தொடர்ந்து தவறுவதற்குச் சராசரியாக 126 சுற்று போதும். நிமிடத்துக்கு ஒரு சுற்று என்றால் இரண்டு மணிநேரம்தான். தினம் ராத்திரி ஒரு மணிநேரம் விளையாடும் பிள்ளைக்கு அது எந்த வாரம் வரும் என்பது மட்டும்தான் கேள்வி.

ஜெயிக்கும்போதும் முழுசாக வருவதில்லை என்பதையும் அப்போதுதான் பார்த்தோம். 100 ரூபாய் கட்டினால் 2 ரூபாய் கட்டணம் போக 98-தான் பந்தயம். பச்சைக்குக் கட்டியிருந்து 1, 3, 7, 9 விழுந்தால் 196 வரும். 5 விழுந்தால் பாதிப் பச்சை என்பதால் 147-தான். பத்து எண்ணும் ஆளுக்கொரு தடவை விழுவதாக வைத்தால் 1,000 ரூபாய் கட்டி 931 ரூபாய் வாங்குகிறோம். சீட்டு நேர்மையாக விழுந்தாலே இந்தக் கதி. விழுவதற்கு முன்பே எந்தக் கலருக்கு எவ்வளவு கட்டியிருக்கிறார்கள் என்பது நடத்துகிறவனுக்குத் தெரியும், எண்ணைப் போடுவதும் அவன்தான். நேர்மையாகத்தான் போட்டான் என்பதற்கு விளையாடுகிறவன் கையில் எந்தச் சாட்சியும் கிடையாது.

அவன் அப்பா அதுவரை வலையைப் பொத்திக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். "கடலுக்குப் போறதும் இப்படித்தானே. போட்ட டீசலுக்கு மீன் வரும்னு யார் எழுதிக் கொடுத்தா?" என்றார். மகனுக்காகப் பரிந்து பேசுகிறார் என்று எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவரே கொஞ்ச நேரம் கழித்து அவனைப் பார்த்துச் சொன்னார்: "நம்ம படகுல எவ்வளவு டீசல் இருக்குன்னு கடலுக்குத் தெரியாதுப்பா. உன் கையில எவ்வளவு இருக்குன்னு அவனுக்குத் தெரியும்." நான் அரைநாள் போட்ட கணக்கைவிட அந்தச் சொல் அவனுக்குள் ஆழமாக இறங்கியது என்று நினைக்கிறேன்.

பணம் போகும் வழியை அடைத்தது

கணக்குப் புரிந்ததும் பிள்ளை திருந்திவிட்டான் என்று எழுத எனக்கும் ஆசைதான். இரண்டு வாரத்தில் கூட்டாளியிடம் 100 ரூபாய் வாங்கி மறுபடி கட்டினான். "பெரிசா இல்லம்மா, விட்டதை மட்டும் எடுத்துட்டு நிறுத்திடலாம்னு" என்றான். விட்டதை எடுக்க வேண்டும் என்ற நினைப்பு கணக்குக்குக் கட்டுப்படாது. ஆகவே காசு போகும் வழியைத்தான் அடைக்க வேண்டியிருந்தது.

முதலில் அவனைக் கேஷியர் வேலையிலிருந்து இறக்கினோம், தண்டனையாகச் சொல்லாமல். இவர் தன் கையால் புதுப் பின் நம்பர் போட்டார். ஆறு இலக்கத்தை மனப்பாடம் செய்ய அவருக்கு ஒரு வாரம் ஆனது, நாங்கள் யாரும் உதவவில்லை. நிவாரணமும் படகுப் பங்கும் வரும் கணக்கை யுபிஐயிலிருந்தே எடுத்துவிட்டோம். என் பெயரில் வேறொரு கணக்கைத் திறந்து, அதில் வாரத்துக்கு 500, 1,000 மட்டும் வைத்து அதை மட்டும் யுபிஐயோடு இணைத்தோம். இதனால் எவ்வளவுதான் தப்பு நடந்தாலும் அந்த 1,000-க்கு மேல் போகாது. கூட்டாளிகளிடம் அவன் வாங்கியிருந்த 600 ரூபாயை நானே அந்தந்த வீட்டுக்குப் போய் அம்மாமார் கையில் கொடுத்தேன். கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் அடைக்கச் சொல்லி அவன் கையில் கொடுத்திருந்தால் அந்தக் காசும் ஆப்புக்குத்தான் போயிருக்கும்.

போனைப் பொறுத்தவரை, இந்த ஆப்கள் பெரும்பாலும் ப்ளே ஸ்டோரில் இருக்காது. லிங்கிலிருந்து .apk கோப்பாக இறங்கும். செட்டிங்ஸில் Install unknown apps என்ற இடத்தில் டெலிகிராமுக்கும் குரோமுக்கும் அனுமதி கொடுத்திருக்கிறதா என்று பாருங்கள். கொடுத்திருந்தால் ஏதோ ஒன்று வெளியிலிருந்து இறங்கியிருக்கலாம் என்று அர்த்தம். அதை அணைத்தேன். ஆனால் அதே விளையாட்டு வெறும் வெப்சைட்டாகவும் திறக்கும் என்பதால் இதை மட்டும் நம்பி இருக்க முடியாது.

அந்தக் குரூப்பிலிருந்து வெளியே வர வைப்பதற்கு முன் அட்மினோடு அவன் பேசியதை எல்லாம் படித்தேன். கடைசிச் செய்தியில் அவர் காசு கேட்கவில்லை, கணக்கு கேட்டிருந்தார். "வீட்டுல யாரோட பேங்க் அக்கவுண்டாச்சும் கொடு, மாசம் 3,000 தர்றேன்." என் மகன் பணம் அனுப்பிய அந்த முன்பின் தெரியாத பெயர்கள் எல்லாம் இப்படிச் சிக்கிய வீடுகள்தான். கணக்கைக் கொடுத்தால் யார் யாரோ ஏமாந்த பணம் அதன் வழியாக ஓடும். புகார் வந்ததும் போலீஸ் சொல்லி வங்கி அந்தக் கணக்கை முடக்கிவிடும். எங்கள் வீட்டில் அது நிவாரணம் வரும் கணக்காக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தபோதுதான் எனக்குக் கை நடுங்கியது. பிள்ளை விளையாடித் தோற்பதோடு இது நிற்பதில்லை. தோற்றுப்போய்க் கடனில் நிற்கிற பிள்ளையிடம்தான் இதைக் கேட்கிறார்கள்.

1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் போன் போட்டுப் புகார் கொடுத்தோம். ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் யுபிஐ ஹிஸ்டரியில் இருக்கும் 12 இலக்க எண், தேதி, தொகை எல்லாம் கேட்டார்கள். நான் முன்பே எழுதி வைத்திருந்ததால் சீக்கிரம் முடிந்தது. பணம் திரும்பவில்லை. பணம் போன உடனேயே கூப்பிட்டால்தான் நிறுத்தி வைக்க வழி உண்டு, நாங்கள் போனது வாரக்கணக்கில் தாமதம். தூக்கம் இல்லாமல் அவன் தவித்த நாட்களில் 14416 என்ற மனநல உதவி எண்ணிலும் பேசினோம். தமிழிலேயே பேசினார்கள்.

சட்டத்துக்குப் பயந்துதான் பல வீடுகளில் மூடி மறைக்கிறார்கள். 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் காசு கட்டி விளையாடும் ஆன்லைன் விளையாட்டுகளை மொத்தமாகத் தடை செய்தது. அது நடத்துகிறவர்களையும் விளம்பரம் செய்கிறவர்களையும் பணத்தைக் கொண்டுசெல்கிறவர்களையும்தான் தண்டிக்கிறது, விளையாடியவரை அல்ல. தமிழ்நாட்டுச் சட்டத்தில் சூதாடியவருக்கும் மூன்று மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு. ஆனால் ஏமாந்த பிள்ளைக்காகப் புகார் கொடுத்த எங்களை யாரும் குற்றவாளி போல நடத்தவில்லை. அந்தச் சட்டத்துக்குப் பிறகு டிவி விளம்பரங்கள் நின்றன. கலர் ஆப்கள் எந்தக் காலத்திலும் சட்டப்படி நடந்தவை அல்ல. அவை பெயரை மாற்றிக்கொண்டு டெலிகிராமில் அப்படியே இருக்கின்றன.

சின்னவளுக்குப் பன்னிரண்டு வயது. அவளும் ஏதோ ஒரு கேம் விளையாடுகிறாள், அதை நான் தடுக்கவில்லை. விலை போட்டிருக்கும் பொருளை விலை தெரிந்து வாங்கலாம், சுற்றி எடுக்கும் எதற்கும் காசு கிடையாது, கேமுக்குள் இருப்பதை யாருக்கும் விற்கக் கூடாது என்று மூன்றை மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன். ஏன் என்று கேட்டாள். அண்ணன் சிரட்டையை எடுத்துவந்து அவளுக்குக் காட்டினான்.

போன வாரம் பக்கத்து வீட்டு அக்கா போனைக் கொண்டுவந்தார். அவர் மகன் பத்தாவது படிக்கிறான். "கரண்ட் பில் கட்ட வச்சிருந்த காசு குறையுது, என்னன்னு பாரு" என்றார். யுபிஐ ஹிஸ்டரியைத் திறந்து கீழே இறங்கிக்கொண்டே போனேன். 200, 500, 200. ஆள் பெயர்கள் மாறி மாறி வந்தன. எல்லாவற்றுக்கும் கீழே, ஒரு மாதத்துக்கு முந்தைய தேதியில், தெரியாத ஒருவரிடமிருந்து 1,800 ரூபாய் வரவு. "அக்கா, தம்பி கேம் ஐடி எதையாவது வித்தானா?" என்று கேட்டேன். "ஆமா, உனக்கு எப்படித் தெரியும்? அன்னைக்கு எனக்கு ஒரு நைட்டி வாங்கிட்டு வந்தானே" என்றார்.